பத்து பங்கு நூறான கதை: ஸ்ப்ளிட், போனஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குச் சந்தைக்குப் புதிதாக வந்த நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்: பஜாஜ் ஃபைனான்ஸ். 2025 ஜூன் 16 அன்று அது ஸ்ப்ளிட் எனும் பங்குப் பிரிப்பையும், போனஸ் எனும் இலவசப் பங்கு வழங்கலையும் ஒரே நாளில் செய்தது. இரண்டும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று பார்க்க இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது.

"காலையில ஆப்பைத் திறந்தா பஜாஜ் ஃபைனான்ஸ் 90 சதவீதம் நஷ்டம்னு காட்டுது. என் பணம் போச்சா?"

போகவில்லை. அன்று காலை இந்தக் கேள்வி பலருக்கும் வந்தது. முந்தைய வர்த்தக நாளில் ஒரு பங்கு சுமார் 9,300 ரூபாய். அன்று காலை சுமார் 930. உங்களிடம் 10 பங்கு இருந்திருந்தால் அது 100 பங்காகிவிட்டது. 10 × 9,300 என்றாலும் 100 × 930 என்றாலும் 93,000 ரூபாய்தான்.

ஆப்பில் விலை உடனே மாறிவிடும், பங்கு எண்ணிக்கை மாற ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும் நஷ்டம் தெரியும். குறிப்பிட்ட விலை வந்தால் தானாக வாங்கவோ விற்கவோ பழைய விலைக்கு ஏற்ப போட்டு வைத்திருந்த ஸ்டாப் லாஸ், ஜிடிடி ஆர்டர்கள் என்ன ஆயின என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான புரோக்கர்கள் அவற்றை ரத்து செய்துவிடுவார்கள். ஆனாலும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

"10 எப்படி 100 ஆச்சு? 4:1, 1:2ன்னு போட்டிருந்தாங்க, எனக்குக் கணக்கே வரலை."

முதலில் ஸ்ப்ளிட். முகமதிப்பு என்பது நிறுவனத்தின் கணக்கில் ஒரு பங்குக்கு எழுதியிருக்கும் மதிப்பு, சந்தை விலை அல்ல. 2 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை, 1 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாகப் பிரித்தார்கள். 10 பங்கு 20 ஆனது. அப்புறம் போனஸ். கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் நான்கு புதிய பங்குகள். 20 பங்குக்கு 80 போனஸ். மொத்தம் 100.

குழப்பம் வருவதற்குக் காரணம் விகிதத்தை எழுதும் முறை. போனஸில் முதல் எண் புதிதாக வருவது, இரண்டாவது எண் ஏற்கெனவே வைத்திருப்பது. 4:1 என்றால் ஒன்று வைத்திருந்தால் நான்கு கூடுதலாக வரும், ஆக ஐந்தாகும். ஸ்ப்ளிட்டில் 1:2 என்று போட்டால் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். இதே 1:2 போனஸில் வந்தால் இரண்டு பங்குக்கு ஒன்று என்று பொருள். அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காமல் முகமதிப்பு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் ஸ்ப்ளிட், மாறாவிட்டால் போனஸ்.

"ரெண்டுலயும் பங்கு கூடுது, விலை குறையுது. அப்புறம் என்ன வித்தியாசம்?"

நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது வித்தியாசம்.

ஸ்ப்ளிட் என்பது 100 ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுவது போல. பங்கு மூலதனத்தின் மொத்தத் தொகை அப்படியே இருக்கும். பஜாஜ் ஃபைனான்ஸில் சுமார் 62 கோடி பங்குகள் இருந்தன, ஒவ்வொன்றும் 2 ரூபாய் முகமதிப்பு, மூலதனம் சுமார் 124 கோடி. பிரித்த பிறகு சுமார் 124 கோடி பங்குகள், ஒவ்வொன்றும் 1 ரூபாய். மூலதனம் அதே 124 கோடி. பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன் மட்டும் மாறும், ஏனென்றால் முகமதிப்பு மாறிய பங்கு டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியின் பார்வையில் வேறு பங்கு.

போனஸில் கணக்காளருக்குக் கொஞ்சம் வேலை உண்டு. புதிதாக வந்த சுமார் 497 கோடி பங்குகளுக்கு, பங்குக்கு 1 ரூபாய் வீதம் சுமார் 497 கோடி ரூபாயை இருப்பு நிதியிலிருந்து எடுத்துப் பங்கு மூலதனத்தில் சேர்க்க வேண்டும். மூலதனம் 124 கோடியிலிருந்து சுமார் 621 கோடியாக ஏறியது, இருப்பு நிதி அதே அளவு இறங்கியது. இரண்டும் பங்குதாரரின் பணம்தான். பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்த மாதிரி. வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. கடன் கொடுத்த தொகை, வசூலாக வேண்டிய தொகை, ஊழியர்கள், கிளைகள் எதுவும் மாறவில்லை.

"இருப்பு நிதியிலிருந்து கொடுக்கறாங்கன்னா, அது லாபத்துல பங்கு கொடுக்கற மாதிரிதானே?"

லாபத்தில் பங்கு என்றால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதற்குப் பெயர் டிவிடெண்ட். போனஸில் அந்தப் பணம் நிறுவனத்திலேயே இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. டிவிடெண்டுக்குப் பதிலாகப் போனஸ் கொடுக்கக் கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. போனஸ் கொடுக்க லாபத்தில் சேர்த்த இருப்புதான் வேண்டும் என்று இல்லை. பங்கு பிரீமியம் கணக்கிலிருந்தும் கொடுக்கலாம். பிரீமியம் கணக்கு என்பது என்ன? ஐபிஓவில் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை நீங்கள் 300 ரூபாய் கொடுத்து வாங்கினீர்களே, அந்தக் கூடுதல் 290 ரூபாய். ஒரு சின்ன நிறுவனம் பட்டியலிட்ட கொஞ்ச காலத்தில் "பங்குதாரர்களுக்குப் பரிசு" என்று போனஸ் அறிவித்தால், உங்கள் பணத்தையே காகிதத்தில் சுற்றி உங்களிடம் நீட்டுவதாக இருக்கலாம். எந்தக் கணக்கிலிருந்து என்பதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் அறிவிப்பில் எழுதியிருப்பார்கள். ஒரு நிமிடம் செலவு செய்து படிக்கலாம். நிலம், கட்டடத்தின் மதிப்பைப் புத்தகத்தில் ஏற்றி எழுதி உண்டாக்கிய இருப்பிலிருந்து போனஸ் கொடுக்க மட்டும் சட்டத்தில் இடமில்லை.

"பங்கு அதிகமானா டிவிடெண்டும் அதிகமா வருமே?"

2024-25 நிதியாண்டுக்கு பஜாஜ் ஃபைனான்ஸ் பழைய பங்குக்கு 44 ரூபாய் இறுதி டிவிடெண்ட் அறிவித்தது. 10 பங்குக்கு 440 ரூபாய். அதே தொகையைப் புதிய பங்குகளுக்குப் பிரித்தால் பங்குக்கு 4 ரூபாய் 40 காசு, 100 பங்குக்கு அதே 440 ரூபாய். நிறுவனம் பிரித்துக்கொடுக்க முடிவு செய்யும் மொத்தத் தொகை கூடினால்தான் உங்களுக்குக் கூடும். பங்கு எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சில நிறுவனங்கள் போனஸுக்குப் பிறகும் பங்குக்கு அதே டிவிடெண்டைக் கொடுப்பதுண்டு. அப்போது வருமானம் நிஜமாகவே கூடுகிறது. ஆனால் அது டிவிடெண்டை உயர்த்தியதால் வந்தது. போனஸே இல்லாமலும் அதைச் செய்திருக்கலாம்.

போகிற போக்கில் ஒன்று: "2,200 சதவீத டிவிடெண்ட்" என்று தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முகமதிப்பு 2 ரூபாய்க்கு 44 ரூபாய் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 9,300 ரூபாய் பங்குக்கு அது அரை சதவீதம்கூட இல்லை.

"எங்க அப்பா ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வாங்கின கொஞ்சம் பங்கு, போனஸ் மேல போனஸ் வந்து இன்னிக்கு லட்சக்கணக்குல நிக்குது. போனஸ்தானே பணக்காரனாக்குச்சு?"

எனக்கு வரும் கேள்விகளிலேயே கடினமானது இதுதான், ஏனென்றால் கேட்பவரிடம் ஆதாரம் இருக்கிறது. டீமேட் அறிக்கையையே காட்டுகிறார்.

பஜாஜ் ஃபைனான்ஸையே எடுத்துக்கொள்வோம். 2016 செப்டம்பரிலும் அது இதே வேலையைச் செய்தது. 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரித்து, 1:1 போனஸும் கொடுத்தது. அன்று ஒரு பங்கு பத்தானது. 2025-ல் அந்தப் பத்து நூறானது. 2016-ல் அந்த ஒற்றைப் பங்கின் விலை சுமார் 11,000 ரூபாய். 2025 ஜூனில் அதற்கு ஈடான 100 பங்குகளின் மதிப்பு சுமார் 93,000. எட்டு மடங்குக்கு மேல்.

பங்கு நூறு மடங்கானது, பணம் எட்டு மடங்குதான் ஆனது. போனஸும் ஸ்ப்ளிட்டும்தான் செல்வத்தை உண்டாக்கின என்றால் இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன்? அந்த எட்டு மடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் லாபத்தில் இருக்கிறது. 2015-16-ல் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 1,280 கோடி. 2024-25-ல் சுமார் 16,800 கோடி. பதிமூன்று மடங்கு. இடையில் புதிய பங்குகளை விற்று மூலதனம் திரட்டியதால் லாபத்தைப் பங்கு போட ஆள் கூடியது. சந்தையும் லாபத்துக்குக் கொடுக்கும் மடங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. அதனால்தான் விலை பதிமூன்று மடங்கு ஏறவில்லை.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் சென்னையிலேயே இருக்கிறது: எம்ஆர்எஃப். பங்கைப் பிரித்ததே கிடையாது. முகமதிப்பு இன்றும் 10 ரூபாய். 2023 ஜூனில் அதன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதை நீண்டகாலம் வைத்திருந்தவர்களின் டீமேட்டில் எண்ணிக்கை அப்படியே இருக்கும், பணம் மட்டும் வளர்ந்திருக்கும். உங்கள் அப்பா நல்ல நிறுவனத்தை வாங்கி, விற்காமல் வைத்திருந்தார். போனஸ் அந்த வளர்ச்சியின் பின்னாலேயே வந்த நிழல்.

"அப்படின்னா அறிவிப்பு வந்ததும் விலை ஏன் ஏறுது? சந்தைக்கு இது தெரியாதா?"

தெரியும். ஆனாலும் பெரும்பாலும் ஏறுகிறது, சில சமயம் நன்றாகவே. நிர்வாகம் இப்படி அறிவிப்பதைச் சந்தை ஒரு சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறது: "இவர்களுக்கு அடுத்த சில வருடங்களின் லாபத்தில் நம்பிக்கை இருக்கிறது போல." அமெரிக்காவில் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் என்ற நான்கு பேர் 1969-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நியூயார்க் சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த ஸ்ப்ளிட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். விலையேற்றத்தில் பெரும்பகுதி ஸ்ப்ளிட்டுக்கு முன்பே முடிந்திருந்தது. ஸ்ப்ளிட்டுக்குப் பிறகு டிவிடெண்டை உயர்த்திய நிறுவனங்கள் அந்த ஏற்றத்தைத் தக்கவைத்துக்கொண்டன. டிவிடெண்ட் குறைந்த நிறுவனங்களின் விலை இறங்கியது. மக்கள் காசு கொடுத்தது எதிர்பார்ப்புக்குத்தான், பிரிப்புக்கு அல்ல என்பதே அவர்கள் கண்டது.

விலை குறைந்தால் சின்ன முதலீட்டாளர் உள்ளே வரலாம் என்பதும் உண்மை. மாதம் 5,000 ரூபாய் ஒதுக்குபவரால் 9,300 ரூபாய் பங்கை வாங்க முடியாது, இந்தியாவில் பங்குச் சந்தையில் அரைப் பங்கு வாங்க வழியில்லை. 930 என்றால் ஐந்து வாங்கலாம். இது நிஜமான வசதி, மறுக்க மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் ஒரு வசதி உண்டு: கொஞ்சம் பணம் தேவைப்பட்டால் முழுப் பங்கை விற்காமல் கொஞ்சமாக விற்கலாம். வசதி வேறு, மதிப்பு வேறு.

"வரி விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதானா?"

இல்லை. இங்கேதான் இரண்டும் நிஜமாகவே பிரிகின்றன, இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஸ்ப்ளிட்டில் நீங்கள் வாங்கிய விலை பிரிந்துகொள்ளும், வாங்கிய தேதி பழையதே. போனஸ் பங்கின் வாங்கிய விலை பூஜ்யம். அதை வைத்திருந்த காலம் போனஸ் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

கணக்காகப் பார்ப்போம். ஒருவர் 2024 ஜனவரியில் 10 பங்கை, பங்கு 7,000 ரூபாய் என்று 70,000-க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூனுக்குப் பிறகு அவரிடம் இரண்டு வகைப் பங்குகள் இருக்கின்றன. 20 பங்கு, ஒவ்வொன்றும் 3,500 ரூபாய்க்கு வாங்கியது, 2024 ஜனவரி தேதி. 80 பங்கு, விலை பூஜ்யம், 2025 ஜூன் தேதி. 2025 அக்டோபரில் பணத் தேவை வந்து எல்லாவற்றையும் 930-க்கு விற்கிறார். கைக்கு வந்தது 93,000. நிஜ லாபம் 23,000.

வருமான வரித்துறையின் கண்ணில் இது வேறு கதை. பழைய 20 பங்கு ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருந்ததால், பங்குக்கு 2,570 வீதம் 51,400 ரூபாய் நீண்டகால நஷ்டம். போனஸ் 80 பங்கில் 74,400 ரூபாய் குறுகியகால லாபம். நீண்டகால நஷ்டத்தைக் குறுகியகால லாபத்தில் கழிக்க முடியாது. ஆகவே 74,400-க்கும் 20 சதவீதம், அதாவது 14,880 ரூபாய் வரி, செஸ் தனி. சம்பளம் முதலிய மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியவர் என்றால் இதுதான் நிலை. 23,000 சம்பாதித்தவர் பாதிக்கு மேல் கொடுக்கிறார். நீண்டகால நஷ்டம் வீணாகாது, எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம். ஆனால் கழிக்க நீண்டகால லாபம் வேண்டும்.

நிறுவனம் போனஸே கொடுக்காமல் ஒன்றைப் பத்தாகப் பிரித்திருந்தால்? 100 பங்கும் தலா 700 ரூபாய், எல்லாமே நீண்டகாலம். லாபம் 23,000, ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு இருப்பதால் வரி பூஜ்யம். பொறுத்திருந்து 2026 ஜூலையில் எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் இதே பதில்தான், ஏனென்றால் அப்போது போனஸ் பங்குகளும் ஒரு வருடம் தாண்டியிருக்கும், 51,400 நஷ்டத்தை 74,400-ல் கழித்துவிடலாம்.

போனஸ் வந்த பங்கை ஒரு வருடத்துக்குள் முழுவதுமாக விற்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 20 பங்கு மட்டும் விற்றால் போவது பழைய 20.

"அப்ப போனஸுக்கு முன்னாடி வாங்கி, பழைய பங்கை நஷ்டத்துல வித்து, அந்த நஷ்டத்தை வேற லாபத்துல கழிச்சுக்கலாமே?"

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அரசு முந்திக்கொண்டது. மியூச்சுவல் ஃபண்டுக்கு மட்டும் இருந்த தடை, 2023 ஏப்ரல் 1 முதல் பங்குகளுக்கும் வந்துவிட்டது. யாருக்கெல்லாம் போனஸ் என்று நிறுவனம் பட்டியல் எடுக்கும் ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, ரெக்கார்டு தேதிக்குப் பிந்தைய ஒன்பது மாதத்துக்குள் பழைய பங்கை விற்று, போனஸ் பங்கில் கொஞ்சமாவது கையில் வைத்திருந்தால், அந்த நஷ்டம் கணக்கில் எடுக்கப்படாது. அது போனஸ் பங்கின் வாங்கிய விலையாகச் சேர்ந்துகொள்ளும்.

"ஒரு சைட்ல பி/இ திடீர்னு 3ன்னு காட்டுச்சு. சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிடலாமா?"

பி/இ என்பது பங்கின் விலையைப் பங்குக்கான லாபத்தால் வகுத்த எண். இங்கே விலை புதுசு, பங்குக்கான லாபம் பழசு. விலை பத்தில் ஒன்றாகிவிட்டது, அந்த இணையதளம் லாபத்தைப் பத்தால் வகுக்க மறந்துவிட்டது. 30 இருக்க வேண்டியது 3 என்று தெரியும். சில நாளில் சரியாகிவிடும். சந்தேகம் வந்தால் மொத்தச் சந்தை மதிப்பை மொத்த நிகர லாபத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் ஸ்ப்ளிட், போனஸ் எதற்கும் அசையாது.

"தொடர்ந்து போனஸ், ஸ்ப்ளிட்னு அறிவிக்கற சின்ன கம்பெனியை நம்பலாமா?"

நான் ஒருமுறை நம்பினேன். பெயர் வேண்டாம். ஒன்றரை வருடத்தில் ஒரு ஸ்ப்ளிட், ஒரு போனஸ். விலை 40 ரூபாய் என்பதால் "மலிவு" என்று தோன்றியது. பிரிக்காமல் இருந்திருந்தால் அது 800 ரூபாய்ப் பங்கு, நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் காலாண்டுக்குக் காலாண்டு, நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டரின் பங்கு சதவீதம் குறைந்துகொண்டே வந்தது. லாபம் ஏறியது, ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து வசூலாக வேண்டிய தொகை அதைவிட வேகமாக ஏறியது, செயல்பாட்டுப் பணவரத்து மைனஸில் இருந்தது. மூன்றும் பொதுவெளியில் இருந்த தகவல்கள். நான்தான் பங்கு எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விலை குறைவான, எண்ணிக்கை அதிகமான பங்கைச் சிறு முதலீட்டாளர்களிடம் தள்ளிவிடுவது சுலபம். அதனால் அறிவிப்பு வரும் நேரத்தில் புரமோட்டர் விற்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

"போனஸ் வேணும்னா எந்தத் தேதிக்குள்ள வாங்கணும்?"

ரெக்கார்டு தேதிக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள். இப்போது வாங்கிய மறுநாளே பங்கு டீமேட்டுக்கு வந்துவிடுவதால் போனஸ் உரிமை இல்லாமல் பங்கு வர்த்தகமாகத் தொடங்கும் எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் பொதுவாக ஒரே நாள். அன்று வாங்கினால் போனஸ் இல்லை, ஆனால் விலையும் குறைந்திருக்கும், அதனால் எதையும் இழக்கவில்லை. முன்பு போனஸ் பங்கு கைக்கு வந்து விற்க முடியும்வரை இரண்டு வாரம்கூட ஆனதுண்டு. 2024 அக்டோபர் முதல் செபி விதிப்படி ரெக்கார்டு தேதியிலிருந்து இரண்டாவது வேலை நாளில் வர்த்தகத்துக்கு வந்துவிடுகிறது.

"என்கிட்ட 3 பங்குதான் இருக்கு. 1:2 போனஸ்னா ஒன்றரைப் பங்கு எப்படி வரும்?"

ஒரு பங்கு டீமேட்டுக்கு வரும். மீதி அரைப் பங்குகளை எல்லோரிடமிருந்தும் சேர்த்து ஒரு அறங்காவலர் சந்தையில் விற்று, உங்கள் பங்குக்கான பணத்தை வங்கிக் கணக்கில் போடுவார். சில நூறு ரூபாய் திடீரென்று வந்து, எங்கிருந்து என்று புரியாமல் இருந்தால் அதுவாக இருக்கும். அதுவும் விற்பனைதான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அந்த அரைப் பங்கின் வாங்கிய விலையும் பூஜ்யம்.